ஓய்வு பெறுபவருக்கு எழுதும் கடைசி மதிப்பீடு

பொன்னாடை, மாலை, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றோடு ஓய்வு பெறுபவர் கையில் ஒரு தாளும் வந்து சேர்கிறது. “அயராத உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகியவர், இவரது இடத்தை நிரப்ப முடியாது” என்று அதில் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகும் இன்னொருவருக்கும் அதே தாள் செல்லும். முப்பது ஆண்டுகள் ஒருவர் என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இருக்காது.

மத்திய அரசின் உயர் அதிகாரிகளுக்கான ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில், மேலதிகாரி சுமார் 100 சொற்களில் ஒரு சொற்சித்திரம் எழுத வேண்டிய பகுதி உண்டு. பலங்களோடு, பலம் குறைந்த இடங்களையும் சொல்லும்படி அந்தப் படிவமே கேட்கிறது. ஓய்வு பெறுபவரைப் பற்றிய நிறைவுச் சுருக்கத்துக்கும் இதே அளவும் இதே நேர்மையும் போதும். ஆனால் அந்த 100 சொற்களை எழுத, எழுதுபவர் சில நாட்கள் பழைய பதிவேடுகளோடு உட்கார வேண்டியிருக்கும்.

ஒரு சொல் ஒருவரின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு தேவ் தத் வழக்கு சாட்சி. எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளராக இருந்த அவருக்கு 1993-94ஆம் ஆண்டு அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவை. அப்படி எழுதப்பட்டது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. பதவி உயர்வும் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வே பெற்றுவிட்டார். மதிப்பீடு உயர்த்தப்பட்டு, அதன்பேரில் முன்தேதியிட்டுப் பதவி உயர்வும் கிடைத்தால், அவரது ஓய்வூதியமும் அதற்கேற்ப உயர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, அறிக்கை முழுவதையும் ஊழியரிடம் காட்டி அவரது கருத்தைப் பெற 15 நாள் அவகாசம் தரும்படி மத்திய அரசு ஆணையிட்டது.

குறை சொல்லாமல் மறைப்பது ஒரு கேடு என்றால், வெறும் புகழ்ச்சி இன்னொரு கேடு. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் எழுத்து வடிவில் சான்று பெறும் உரிமை உண்டு. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். இதனால் எல்லாச் சான்றுகளும் இனிக்க இனிக்க எழுதப்பட்டன. நாளடைவில் புகழ்ச்சிக்குள்ளேயே ஒரு ரகசிய மொழி உருவானது. “எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி தந்தார்” என்றால் முதல்தரம். ‘எப்போதும்’ என்ற சொல் விடுபட்டால் ஒரு படி இறக்கம். “முயற்சி செய்தார்” என்று எழுதியிருந்தால், வேலை முடியவில்லை என்று பொருள். சொல்லுக்கு வெளியே வேறு பொருளை ஒளித்து எழுதக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, நல்ல சுருக்கம் எப்படி உருவாகும்? கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், ரிங் ஃபிரேம் பிரிவில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். பராமரிப்பு மேலாளர் முதலில் எழுதியது: “இயந்திரங்களை உயிராக நேசித்தவர். மில்லின் தூண்.” இதற்கு ஆதாரம் என்ன என்று தன்னையே கேட்டுப் பார்த்தால் அவரிடம் பதில் இல்லை. காரணம் எளியது. அவர் இந்த மில்லுக்கு வந்தே ஐந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. அவர் கண்ணில் நிற்பதெல்லாம், முதுகுவலியோடு மெதுவாக நடக்கும் ஒரு மூத்தவர்.

நினைவில் இருப்பதை நம்பி எழுதினால் கடைசி ஆண்டுகள் முந்தைய கால் நூற்றாண்டை மூடிவிடும். அதனால் மேலாளர் பணிப் பதிவேட்டையும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்ள பழுது அட்டைகளையும், வாடிக்கையாளர் புகார்ப் பதிவேட்டையும் எடுக்கிறார். ஃபிட்டரோடு வேலை பார்த்து வெளியேறிய பழைய ஸ்பின்னிங் மாஸ்டரிடமும், அவரிடம் தொழில் பழகிய இளைஞர்களிடமும் பேசுகிறார். எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டால் பழைய புகழ்ச்சியே திரும்பி வரும். “அவர் வருவதற்கு முன் எது வேறு மாதிரி நடந்தது?” என்று கேட்டால்தான் செய்தி கிடைக்கும்.

கிடைக்கிறது. ஸ்பிண்டிலைச் சுழற்றும் நாடா தளர்ந்தால் ஸ்பிண்டில் வேகம் குறையும். நூலில் முறுக்கு குறையும். அந்த நூல் தறியில் அறுந்து புகாராகத் திரும்பி வரும். முன்பெல்லாம் நாடா அறுந்த பிறகுதான் மாற்றுவார்கள். இவர்தான் 2009இல் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கை வைத்து, வேகம் குறைந்த ஸ்பிண்டில்களை வாரம் ஒருமுறை கண்டுபிடித்துப் பட்டியல் போட ஆரம்பித்தவர். முதல் பட்டியல்கள் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. முறுக்குக் குறைவு பற்றிய புகார், அதற்கு முந்தைய ஆண்டில் 14. அடுத்த ஆண்டில் 5.

இங்கேதான் எழுதுபவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. “புகார்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்” என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் அதே ஆண்டில் மில் நான்கு பழைய ஃபிரேம்களைக் கழித்துப் புதியவை வாங்கியிருக்கிறது. குறைந்ததில் எவ்வளவு அவரால், எவ்வளவு புது இயந்திரத்தால் என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே எழுத வேண்டியது இப்படி: “தளர்ந்த ஸ்பிண்டில்களை வாரந்தோறும் சோதிக்கும் முறையை 2009இல் தொடங்கினார். அடுத்த ஆண்டில் முறுக்குக் குறைவுப் புகார்கள் 14இலிருந்து 5ஆகக் குறைந்தன. அதே ஆண்டில் வந்த புதிய ஃபிரேம்களும் இதற்குக் காரணம். அந்தச் சோதனை இன்றும் மூன்று ஷிஃப்டிலும் நடக்கிறது.” அவருக்கு உரியதைக் குறைக்காமலும் கூட்டாமலும் தருவது இந்த வடிவம்தான். அவர் போன பிறகும் நடக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்லும் கடைசி வாக்கியத்தின் கனம் ‘தூண்’ என்ற சொல்லுக்கு வராது.

குறைகளை என்ன செய்வது? பராமரிப்பு வேலைகளைக் கணினியில் பதியும் முறை 2018இல் வந்தபோது அவர் அதைப் பழகவில்லை, உதவியாளர்தான் பதிந்தார். இது அவர் வேலையைப் பாதித்தது, அப்போதே அவரிடம் சொல்லவும்பட்டது. அதனால் ஒரு வரியில் இடம்பெறலாம்: “கணினிப் பதிவை உதவியாளர் மூலம் செய்தார், அவரது குறிப்புகள் நோட்டில் உள்ளன, அவற்றைப் படியெடுக்க வேண்டும்.” ‘மாற்றத்தை விரும்பாதவர்’ என்று எழுதினால் அது அவர் குணத்தின் மேல் தீர்ப்பு, அதற்கு இங்கே இடமில்லை. அதேபோல், பணியில் இருந்தபோது ஒருமுறைகூட எடுத்துச் சொல்லப்படாத குற்றச்சாட்டைப் போகும்போது புதிதாக எழுதுவது அநியாயம். பதில் சொல்ல அவருக்கு நாளே இருக்காது.

உடல்நிலை, குடும்பச் சிக்கல், எடுத்த மருத்துவ விடுப்பு ஆகியவை சுருக்கத்துக்குள் வரவே கூடாது.

வரைவை அவரிடமே காட்டுவதைப் பல மேலாளர்கள் தவிர்க்கிறார்கள். ஆனால் பிழை பிடிபடுவது அங்கேதான். நம் ஃபிட்டர் வரைவைப் படித்துவிட்டு, “சார், அந்த விளக்கை வச்சுப் பார்க்கலாம்னு சொன்னது நான் இல்லை, அப்ப இருந்த எலெக்ட்ரீஷியன். பட்டியல் போட்டது மட்டும்தான் நான்” என்று சொல்லக்கூடும். அந்தத் திருத்தத்தை ஏற்று, ‘எலெக்ட்ரீஷியனின் யோசனையை ஏற்று’ என்ற சொற்களைச் சேர்த்தால், இன்னொருவருக்கும் நியாயம் கிடைக்கிறது.

இவ்வளவையும் கடைசி வாரத்தில் செய்ய முடியாது. ஓய்வு நாளுக்கு மூன்று மாதம் முன்பே பதிவேடுகளைத் திறந்து, ஒரு மாதம் முன்பே வரைவை அவர் கையில் கொடுங்கள். திருத்தி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு படியை அவருக்கும் ஒரு படியை அவர் இடத்துக்கு வருபவருக்கும் தாருங்கள்.