முப்பத்தைந்தில் நிற்கும் ஐந்து பேர்

முப்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பில் நூறு மார்க்குக்குக் கணக்குத் தேர்வு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஹிஸ்டோகிராம், அதாவது நிகழ்வுச் செவ்வகம், வரைந்தால் முப்பதுகளில் ஏழு பேர், நாற்பதுகளில் ஐந்து பேர் என்று கட்டங்கள் எழும்பும். முப்பதுகளின் கட்டம்தான் எல்லாவற்றிலும் உயரம். அந்த ஏழு பேர் 31 முதல் 39 வரை பரவியிருக்கிறார்களா, ஒரே இடத்தில் குவிந்திருக்கிறார்களா என்பதை மட்டும் கட்டம் சொல்லாது.

அதே மதிப்பெண்களைத் தண்டு-இலைப் படமாகப் போட ஒரு பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் போதும். மதிப்பெண்ணின் பத்துகள் இலக்கம் தண்டு. ஒன்றுகள் இலக்கம் இலை. முதலில் 1 முதல் 9 வரை தண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே ஒவ்வொரு மதிப்பெண்ணாக வாசித்து, இலையை அதன் தண்டுக்கு நேரே போட்டுக்கொண்டே போகலாம். 38 வந்தால் 3-க்கு எதிரே 8. இந்த முதல் சுற்றில் மூன்றாம் வரிசை 5 8 5 1 5 5 5 என்று கலைந்து கிடக்கும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வரிசையையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி எழுதினால் படம் தயார்.

```
1 | 7
2 | 1 4 8
3 | 1 5 5 5 5 5 8
4 | 0 2 6 6 9
5 | 1 3 4 7 8
6 | 2 2 5 9
7 | 3 8
8 |
9 | 1 4 6
```

கட்டம் போட்ட நோட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஓர் இலைக்கு ஒரு கட்டம் என்று வைத்தால்தான் வரிசையின் நீளம் எண்ணிக்கையைச் சரியாகக் காட்டும். வெறும் தாளில் எழுதும்போது நான்கு 1 இரண்டு 8-இன் இடத்தில் அடங்கிவிடும், கண் ஏமாந்துபோகும். எண்பதுகளில் ஒருவரும் இல்லை என்பதற்காக அந்தத் தண்டை விட்டுவிடவும் கூடாது. விட்டால் 78-க்கும் 91-க்கும் நடுவே உள்ள பள்ளம் மறைந்து, மேலே இருக்கும் மூன்று பேரும் வகுப்போடு ஒட்டி நிற்பதுபோலத் தோன்றும். கடைசியாக இலைகளை எண்ணிப் பாருங்கள். முப்பது வராவிட்டால் ஏதோ ஒரு மதிப்பெண் விடுபட்டிருக்கிறது.

இப்போது மூன்றாம் வரிசையைப் பாருங்கள். ஏழு பேரில் ஐந்து பேர் மிகச் சரியாக 35. 32, 33, 34 ஒருவருக்கும் இல்லை. ஹிஸ்டோகிராம் விழுங்கிவிட்டது இதைத்தான். இடைவெளிகளை 25–34, 35–44 என்று மாற்றி வரைந்திருந்தால், இரண்டு பேரிலிருந்து திடீரென எட்டுப் பேருக்குத் தாவியிருக்கும். அதாவது கட்டத்தின் எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஹிஸ்டோகிராமின் உருவமே மாறும். தண்டு-இலையிலும் பத்துப் பத்தாகத்தான் பிரிக்கிறோம், ஆனால் எண்கள் உள்ளேயே இருப்பதால் எதுவும் தொலைவதில்லை. நடு மதிப்பெண்ணைக்கூட விரலால் எண்ணியே எடுக்கலாம். பதினைந்தாவது 46, பதினாறாவது 49, ஆகவே இடைநிலை அளவு 47.5.

அந்த ஐந்து 35 எப்படி வந்தன? ஐந்து ஐந்து மார்க்காகக் கேள்வி கேட்டு முழுதாகவோ பூஜ்யமாகவோ போட்டிருந்தால், எல்லா வரிசையிலும் 0-வும் 5-உம்தான் நிறைந்திருக்கும். இங்கே மற்ற வரிசைகளில் ஒரே ஒரு 40, ஒரே ஒரு 65. ஆகவே அது காரணமில்லை. 33-இலும் 34-இலும் நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு மார்க் கூட்டிக் கரையேற்றியிருக்கலாம் என்ற எண்ணம்தான் வலுக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ரீஜென்ட்ஸ் தேர்வுகளிலும், தேர்ச்சி எல்லையான 65-இல் இப்படி ஒரு குவியல் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரக்கம் புரிகிறது. ஆனால் பட்டியலில் ‘தோல்வி 5’ என்று மட்டும் பார்த்தால் இந்த ஐந்து பேரும் தனிக்கவனத்திலிருந்து நழுவிவிடுவார்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்தப் படத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. தரவைக் கையால் வரைந்து ஆராயும் வழிகளை 1977-இல் வெளியான தன் நூலில் விரிவாக விளக்கினார். 25 மார்க் தேர்வு என்றால் 0, 1, 2 என்று மூன்றே தண்டுகள்தான் கிடைக்கும். அப்போது ஒவ்வொரு தண்டையும் இரண்டாக எழுதி, 0 முதல் 4 வரையான இலைகளை முதல் வரியிலும் 5 முதல் 9 வரை அடுத்த வரியிலும் போடும் முறையும் அவருடையதே. மாவட்டம் முழுவதற்குமான ஆயிரக்கணக்கான மதிப்பெண்களுக்கு இது ஒத்துவராது, அங்கே ஹிஸ்டோகிராம்தான் சரி.

ஒரு வகுப்பின் குவியல் மட்டும் எதையும் நிரூபித்துவிடாது, தற்செயலாகவும் அமையலாம். அந்த ஐந்து விடைத்தாள்களையும் எடுத்து, கேள்வி வாரியாகப் போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கூட்டல் 33 வந்து மேலே 35 என்று எழுதியிருக்கும், அல்லது கடைசிக் கேள்வியில் 1 அடிக்கப்பட்டு 3 ஆகியிருக்கும்.