வளைகாப்பில் வளையல் ஏறவில்லை என்றால்

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. கல்யாணத்துக்கு 2.4 அளவு போட்ட கைதானே என்று அதே அளவில் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருப்பார்கள். கர்ப்ப காலத்தில் கை கொஞ்சம் வீங்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. 2.4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், 2.6 அதைவிட மூன்று மில்லிமீட்டர்தான் அதிகம். அந்த மூன்று மில்லிமீட்டருக்காகத்தான் மனையில் உட்கார்ந்த பெண் பல்லைக் கடிக்கிறாள். வளையல் உடைந்தால் அபசகுனம் என்ற பயத்தில், வலிக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. "வேண்டாம் அத்தை, பெரிய அளவு போடுங்க" என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. இரண்டு அளவிலும் வாங்கி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் கையைச் சில நிமிடம் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கட்டும். வீக்கம் சற்று வடியும். பிறகு சோப்பு நுரையை விரல் முட்டிகளிலும் கட்டைவிரல் அடியிலும் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும். ஆனால் வளையலின் வெளிப்பக்கம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் போடுகிறவர் பிடி வழுக்கும். நான்கு விரலையும் சேர்த்துக் குவித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் சுண்டுவிரல் பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். வளையல்காரர்கள் "கையை லூசா விடும்மா" என்பது இதற்குத்தான். விறைத்த கை மடங்காது. வளையலைச் சற்றுச் சாய்த்து, சுண்டுவிரல் பக்க முட்டியை முதலில் தாண்டவிட்டு, பிறகு கட்டைவிரல் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே வளையல். கண்ணாடி வளையலை ஒரே இடத்தில் அழுத்தினால் அது உடைந்து கையில் ஏறும். அதனால் சுற்றிலும் விரல்களால் பிடிக்க வேண்டும். உலோக வளையல் உடையாது, ஆனால் அதன் விளிம்பு தோலைக் கிழிக்கும், சிக்கிக்கொண்டால் அதைச் சுற்றி வீங்கும்.

உடைந்து வெட்டினால் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். ஆழமாகக் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள். மணிக்கட்டின் உட்பக்கம் வெட்டி, விரல் மரத்தாலோ மடக்க முடியாமல் போனாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உலோக வளையல் சிக்கி விரல் நீலம் பாய்ந்தாலும் அப்படித்தான். அங்கே அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். வளையல் போனால் போகட்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். நேற்றுவரை தளர்வாக இருந்த வளையல் திடீரென்று இறுகி, முகமும் வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதாவது சேர்ந்தால், அது சாதாரண வீக்கமாக இல்லாமல் கர்ப்ப கால உயர் ரத்த அழுத்தமாக இருக்கலாம். சோப்பைத் தேடாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள்.