72 லட்சமும் 54 லட்சமும்

ஒரு மெடிக்கல் ரெப். தேனியை மையமாக வைத்துப் பெரியகுளம், போடி, கம்பம் வரை அவருடைய ஏரியா. போன ஆண்டு 72 லட்சம் ரூபாய்க்கு விற்றார். கம்பெனி கூட்டத்தில் கேடயம் கொடுத்தார்கள். இந்த ஆண்டு 54 லட்சம். மேனேஜர் கூப்பிட்டு, "என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று கேட்கிறார். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த உரையாடல் நடக்கிறது, பல பேருடைய சம்பள உயர்வு அதில்தான் முடிவாகிறது.

முதலில் அந்த 72 லட்சம் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி ஸ்டாக்கிஸ்ட்டுக்கு அனுப்பிய சரக்கு பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போனது செகண்டரி. டார்கெட்டை முடிக்க மார்ச் கடைசி வாரத்தில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைக் கட்டுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். க்ளோசிங் ஸ்டாக்கைப் பார்த்தால் வழக்கத்தைவிட 5 லட்சம் கூடுதலாகத் தேங்கியிருக்கிறது. அப்படியானால் போன ஆண்டு உண்மையில் கடைகளுக்குப் போனது 67 லட்சம். தேங்கிய சரக்கு இந்த ஆண்டு விற்றுத் தீர்ந்ததால் இந்த ஆண்டின் செகண்டரி 59 லட்சம். 18 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம், ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் புரட்டியதும் 8 லட்சமாகிவிட்டது.

அடுத்தது காய்ச்சல். போன ஆண்டு மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 20 லட்சம் போகும் காய்ச்சல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் 26 லட்சம் போயின. அது அவர் உழைப்பா, பருவமா என்று அறிய அவரிடம் கேட்டுப் பயனில்லை. திண்டுக்கல், விருதுநகர் ரெப்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். அங்கேயும் அதே மருந்துகள் 30 சதவீதம் கூடியிருந்தால் அந்த 6 லட்சம் பருவம் கொடுத்தது. அதைக் கழித்தால் போன ஆண்டு 61 லட்சம்.

மூன்றாவது, நிறைய எழுதிக்கொண்டிருந்த ஒரு டாக்டர் இந்த ஆண்டு மதுரைக்குப் போய்விட்டார். அவர் எழுதிவந்த 3 லட்சம் இப்போது மதுரை ரெப்பின் கணக்கில் ஏறுகிறது. அதைச் சேர்த்தால் இந்த ஆண்டு 62 லட்சம். கேடயம் வாங்கிய ஆண்டைவிட இந்த ஆண்டு அவர் ஒரு லட்சம் கூடுதலாகவே செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் கவனம் தேவை. விற்பனை விழுந்தால் காரணம் தேட எல்லோரும் வருவார்கள். ஏறும்போது யாரும் தேடுவதில்லை. எதையெல்லாம் கழிக்கலாம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிவைத்து, நல்ல ஆண்டுக்கும் கெட்ட ஆண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால்தான் அது கணக்கு. டாக்டர் உண்மையாகவே ஊர் மாறினாரா, அல்லது போட்டிக் கம்பெனி பக்கம் சாய்ந்தாரா என்பதையும் சரிபார்க்க வேண்டும். அவருடைய கிளினிக்கை அடுத்திருக்கும் மருந்துக் கடையில் சீட்டுகளை எண்ணும் ஆர்.சி.பி.ஏ. இதற்குத்தான் இருக்கிறது. பல ரெப்கள் அதை டீக்கடையில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள் என்பதால், மேனேஜர் தானே ஒருநாள் கடையில் நின்று பார்ப்பது நல்லது.

இவ்வளவு கழித்த பிறகும் அதிர்ஷ்டம் முழுதாக வெளியேறிவிடாது. ஒரு ஏரியாவின் பாதி விற்பனை ஐந்தாறு டாக்டர்களிடமிருந்து வருகிறதென்றால், ஒருவர் மூன்று மாதம் வெளிநாடு போனாலே கணக்கு ஆடும். நூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும் ஏரியாவில் அந்த ஆட்டம் தெரியாது. ஏற்ற இறக்கம் ரெப்பின் குணமாக இல்லாமல் ஏரியாவின் குணமாகவே இருக்கலாம். அவருக்கு முன் அங்கே இருந்தவர்களின் கணக்கும் இப்படியே ஆடியதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து காட்டியது இங்கும் பொருந்தும். மிக உயர்ந்த அளவுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பும். எல்லா ரெப்களின் இரண்டு ஆண்டு விற்பனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆண்டில் சராசரியைவிட 20 சதவீதம் மேலே இருந்தவர்கள் மறு ஆண்டு மொத்தத்தில் 6 சதவீதம்தான் மேலே நிற்கிறார்கள் என்றால், அந்த 20-இல் நிலைத்து நிற்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இது தெரியாத மேனேஜர் திட்டியதால் திருந்தினான் என்றும், பாராட்டியதால் கெட்டான் என்றும் நினைத்துக்கொள்வார்.

அடுத்த ஆண்டு டார்கெட்டில்தான் இந்தத் தவறு பணமாகக் கடிக்கிறது. 72-இன் மேல் 15 சதவீதம் ஏற்றி 83 லட்சம் கொடுத்திருந்தால், காய்ச்சலும் மார்ச் மாதச் சரக்கும் சேர்ந்த தொகையை அவர் மறுபடியும் விற்றுக் காட்ட வேண்டியிருந்திருக்கும். 61-இன் மேல் ஏற்றினால் 70 லட்சம். மதுரைக்குப் போன 3 லட்சத்தை அதிலிருந்து கழித்துவிட வேண்டும்.