செவிவழிக் கற்றல்: ஜெர்மன் வகுப்பு

ஜெர்மன் வகுப்பில் அரை நிமிடத் தொடர்வண்டி அறிவிப்பு ஒன்று ஒலிக்கவிருக்கிறது. அதற்குமுன் ஆசிரியர், நடைமேடையைக் குறிக்கும் 'கிளைஸ்' என்னும் சொல்லையும் சில ஊர்ப்பெயர்களையும் மட்டும் பலகையில் எழுதுகிறார். விடையையே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கேட்பதற்கு எதுவும் எஞ்சாது அன்றோ! முதல்முறை கேட்கையில் வண்டி செல்லும் ஊரையும், இரண்டாம் முறை புறப்படும் நேரத்தையும் மாணவர் குறிக்கின்றனர். சிலர் 8.35 என்பதை 8.53 என எழுதிவிடுகின்றனர். ஒலி அவர்கள் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது. தமிழில் 'முப்பத்தைந்து' எனப் பத்துகள் முன்னே வர, ஜெர்மனில் 'ஐந்தும் முப்பதும்' என ஒன்றுகள் முந்துகின்றன. "எந்த எண் முதலில் கேட்டது?" என்னும் தொடர்வினா இதனை வெளிப்படுத்தும். பின்னர் அப்பகுதியை மட்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, நிமிடத்தின் வலப்பக்க இலக்கத்தை முதலில் எழுதுமாறு ஆசிரியர் பணிக்கிறார்.