படத்தைப் பார்த்துக் கேபிள் வாங்குவது எப்படி?

கேபிள் பழுதுபட்டால், "செருகும் வாயைப் படம் எடுத்துக் கொண்டு வா, அதைப் பார்த்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்வது வழக்கம். நாமும் கைப்பேசியை வாயருகே கொண்டுபோய் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறோம். ஆனால் கிட்டத்தில் எடுத்த படத்தில் சுண்டுவிரல் நகமும் உள்ளங்கையளவு தெரியும். அதில் வடிவம் இருக்கும், அளவு இருக்காது. தவறு நேருவது பெரும்பாலும் இங்கேதான்.

ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் வெளிவந்த இது, பள்ளி ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்ற, ஓர் அட்டை அளவே உள்ள பலகை. இதன் ஓர் ஓரத்தில் மின்சாரத்துக்கான ஒரு வாயும், அதை அடுத்துத் திரைக்கான இரண்டு வாய்களும் வரிசையாக உள்ளன. திரைக்குப் போகும் கேபிள் தொலைந்துவிட்டது என்றும், நம் கையில் இருப்பது அந்த ஓரத்தின் படம் மட்டுமே என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் வடிவத்தைப் பார்க்க வேண்டும். மின்சார வாய் இரு பக்கமும் வளைந்து, மாத்திரை போல நீள்வட்டமாக இருக்கிறது; நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரிகிறது. இது டைப்-சி. இந்தக் குடும்பத்தில் எப்படித் திருப்பினாலும் செருகக்கூடியது இது ஒன்றே. அடுத்த வாயில் மேல்பக்கம் நேராகவும், கீழ்மூலைகள் இரண்டும் உள்ளொடுங்கியும் இருக்கின்றன. இது எச்.டி.எம்.ஐ. இனம் என்று ஊகிக்கலாம். ஆனால் அவ்வினத்தில் மூன்று அளவுகள் உண்டு. தொலைக்காட்சியில் இருக்கும் பெரியது சுமார் 14 மில்லிமீட்டர் அகலம்; மினி சுமார் 10; மைக்ரோ சுமார் 6. பெரிதாக்கிய படத்தில் மினியும் மைக்ரோவும் அக்காள் தங்கை போலவே தோன்றும். "சின்ன எச்.டி.எம்.ஐ. கொடுங்கள்" என்று கேட்டால் எது வருமோ, அது கடைக்காரரின் அலமாரியைப் பொறுத்தது!

இங்கே டைப்-சி வாயே நமக்கு அடிக்கோல் ஆகிறது. அது எந்தக் கருவியில் இருந்தாலும் அகலம் ஏறக்குறைய 8.3 மில்லிமீட்டர்தான். படத்தைத் திரையில் பெரிதாக்கி அளந்ததில், டைப்-சி 42 மில்லிமீட்டரும் அடுத்த வாய் 31 மில்லிமீட்டரும் இருந்தன என்று கொள்வோம். 42-ஐ 8.3-ஆல் வகுத்தால் படம் ஏறக்குறைய 5 மடங்கு பெரிது என்று தெரியும். 31-ஐ 5-ஆல் வகுத்தால் 6.2. ஆகவே இது மைக்ரோ. மினியாக இருந்தால் படத்தில் 50 மில்லிமீட்டருக்கு மேல், டைப்-சியைவிட அகலமாகவே தெரிந்திருக்கும். கணக்கே போடாமல், பக்கத்து வாயைவிடக் குறுகலா அகலமா என்று பார்த்தாலும் போதும்.

பக்கத்தில் தெரிந்த வாய் எதுவும் இல்லாவிட்டால், வாயை ஒட்டி ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுக்கலாம். அடிக்கோல் வாய்க்குப் பின்னாலோ முன்னாலோ தள்ளி இருந்தால் கணக்குப் பொய்த்துவிடும். சாய்வாக எடுத்தாலும் அகலம் குறைந்து தெரியும். நேர் எதிரே நின்றுதான் எடுக்க வேண்டும். மிக நெருங்கினால் படம் மங்கும்; ஆதலால் ஒரு முழம் தள்ளி நின்று, படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்வது நல்லது. பிளாஷ் போட்டால் உலோகம் பளபளத்து உள்ளே ஒன்றும் தெரியாது. ஜன்னல் வெளிச்சமே சிறந்தது.

அகலம் மட்டும் கைகொடுக்காத இடமும் உண்டு. பழைய கைப்பேசிகளில் இருந்த மைக்ரோ யு.எஸ்.பி. வாய் சுமார் 7 மில்லிமீட்டர். மைக்ரோ எச்.டி.எம்.ஐ.க்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். படத்தில் அதை நம்ப முடியாது. அப்போது உள்ளே இருக்கும் தகடுகளைப் பார்க்க வேண்டும். மைக்ரோ யு.எஸ்.பி.யில் ஐந்து தகடுகள் இடைவெளிவிட்டு இருக்கும். எச்.டி.எம்.ஐ.யில், அது எந்த அளவானாலும், பத்தொன்பது. மைக்ரோவில் அவை சீப்புப் பற்கள் போல நெருங்கியிருப்பதால் எண்ணக்கூட வேண்டியதில்லை. பழைய கேபிள் கையில் இருந்தால் இன்னும் எளிது. மைக்ரோ யு.எஸ்.பி. முனையின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு கொக்கிகள் துருத்திக்கொண்டிருக்கும். கேபிளுக்கு இரு முனைகள் உண்டு என்பதால் திரையின் வாயையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சொல்லாத ஒன்று உண்டு. டைப்-சி வாய் சில மடிக்கணினிகளில் திரைக்கும் படம் அனுப்பும். இந்தப் பலகையிலோ அது அனுப்பாது. டைப்-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் கேபிளை வாங்கினால் அழகாகச் செருகிக்கொள்ளும். திரை மட்டும் இருண்டே இருக்கும். ஆகவே டைப்-சி என்று கண்டுகொண்ட பின்பு கருவியின் விவரக்குறிப்பைப் படித்தே தீர வேண்டும். இந்தப் பலகைக்கோ, ஒருபுறம் மைக்ரோவும் மறுபுறம் பெரிய எச்.டி.எம்.ஐ.யும் உள்ள கேபிள் என்று சீட்டில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தால் போதும்.