டிராக்கிங் எரர்: இண்டெக்ஸ் ஃபண்டுக்கு ஒரு அர்த்தம், ஆக்டிவ் ஃபண்டுக்கு வேறு அர்த்தம்!

கோவையில் ஐடி வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் ஒருவர் என வைத்துக்கொள்வோம். சேர்த்து வைத்த 5 லட்சம் ரூபாயை 20 வருஷம் தொடாமல் மியூச்சுவல் ஃபண்டில் போட நினைக்கிறார். “பேசாம நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடு” என்கிறார் நண்பர். ஆப்பைத் திறந்தால், அதே நிஃப்டி 50-க்கு வரிசையாகப் பல நிறுவனங்களின் ஃபண்டுகள். எல்லாவற்றிலும் அதே 50 பங்குகள்தான். அதில் டிராக்கிங் எரர் மிகக் குறைவாக, 0.04% என்று இருக்கும் ஃபண்டைத் தேர்ந்தெடுத்துப் பணத்தைப் போட்டுவிடுகிறார்.

அவர் செய்தது சரியா? பாதிதான் சரி.

டிராக்கிங் எரர் என்றால் என்ன?

நிஃப்டி 50-ல் எந்தப் பங்கு எத்தனை சதவிகிதம் இருக்கிறதோ, அதே அளவில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் இண்டெக்ஸ் ஃபண்டின் வேலை. ஆக்டிவ் ஃபண்டில் எதை வாங்குவது, எதை விற்பது என்பதை ஃபண்ட் மேனேஜர் முடிவு செய்வார். குறியீட்டைவிட அதிக லாபம் தருவது அவருடைய இலக்கு. அதற்காகக் கூடுதல் கட்டணமும் வாங்குகிறார்கள்.

ஒரு நாள் குறியீடு 1% ஏறுகிறது, ஃபண்ட் 0.98% ஏறுகிறது என்றால் அன்றைய வித்தியாசம் 0.02%. மறுநாள் அது வேறாக இருக்கலாம். இந்தத் தினசரி வித்தியாசம் எவ்வளவு மேலும் கீழும் அலைபாய்கிறது என்பதை ஆண்டுக் கணக்கில் சொல்லும் எண்தான் டிராக்கிங் எரர்.

கவனிக்க வேண்டிய வார்த்தை ‘அலைபாய்கிறது’. ஃபண்ட் எவ்வளவு பின்தங்கியது என்பதை இந்த எண் சொல்லாது.

ஆபீஸுக்குத் தினமும் சரியாக 10 நிமிஷம் லேட்டாக வருபவரை யோசித்துப் பாருங்கள். அவருடைய தாமதத்தில் ஏற்ற இறக்கமே இல்லை. டிராக்கிங் எரர் போலக் கணக்குப் போட்டால் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். ஆனால், ஒரு நாள்கூட அவர் நேரத்துக்கு வரவில்லை!

4.67 லட்சம் ரூபாய் எங்கே போனது?

நம் இளைஞருக்கு வருவோம். குறியீடு வருஷத்துக்கு 12% வளர்கிறது என உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். முதல் ஃபண்டின் டிராக்கிங் எரர் 0.05%, அது தந்த லாபம் 11.7%. அவர் தேர்ந்தெடுத்த இரண்டாவது ஃபண்டின் டிராக்கிங் எரர் 0.04%, ஆனால் லாபம் 11.1%.

இது எப்படி நடக்கும்? இரண்டாவது ஃபண்டின் செலவு விகிதம் அதிகம். செலவு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப்படுகிறது. வருஷத்துக்கு 0.9% இழப்பு என்றால், சுமார் 250 வர்த்தக நாட்களில் ஒரு நாளைக்கு 0.0036%. தினமும் ஒரே அளவில் கழிவதால் டிராக்கிங் எரரில் அது தெரியவே தெரியாது.

20 வருஷம் கழித்து, முதல் ஃபண்டில் 5 லட்சம் சுமார் 45.71 லட்சமாகியிருக்கும். இரண்டாவதில் 41.04 லட்சம்தான். இடையில் 4.67 லட்சம் ரூபாய் காணோம்.

அதைக் காட்டும் எண்ணுக்கு ‘டிராக்கிங் டிஃபரன்ஸ்’ என்று பெயர். குறியீட்டின் லாபத்துக்கும் ஃபண்டின் லாபத்துக்கும் உள்ள நேரடி வித்தியாசம் இது. செபியின் 2022-ம் ஆண்டு சுற்றறிக்கைப்படி, இண்டெக்ஸ் ஃபண்டுகள் டிராக்கிங் எரரைத் தினமும், டிராக்கிங் டிஃபரன்ஸை மாதாமாதமும் வெளியிட வேண்டும். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆம்ஃபி தளத்திலும் இவற்றைப் பார்க்கலாம்.

அப்படியானால் டிராக்கிங் எரர் வீணா?

இல்லை. ஃபண்டை எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். குறியீடு வெறும் கணக்கு, அதற்குச் செலவும் இல்லை, கையில் பணம் வைத்திருக்கும் தேவையும் இல்லை. ஃபண்டுக்கு இரண்டும் உண்டு. முதலீட்டாளர்கள் போட்ட பணம் ஒரு நாள் முதலீடு ஆகாமல் கிடந்தாலோ, குறியீட்டில் ஒரு பங்கு மாறும்போது வேறு விலையில் வாங்க நேர்ந்தாலோ டிராக்கிங் எரர் ஏறும்.

2023-ல் நடந்தது நல்ல உதாரணம். ரிலையன்ஸில் இருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, நிஃப்டி 50-ல் தற்காலிகமாக 51 பங்குகள் இருந்தன. ஆகஸ்ட் 21-ல் பட்டியலிடப்பட்டதும் அந்தப் பங்கு 5% லோயர் சர்க்யூட்டில் சிக்கியது. விற்க ஆள் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை என்பதுதான் இந்த நிலை. குறியீட்டில் இருந்து உடனே நீக்கினால் இண்டெக்ஸ் ஃபண்டுகளால் விற்க முடியாது என்பதால், நீக்கும் தேதியே தள்ளிப்போடப்பட்டது. கணக்கில் ஒரு வரியை அழிப்பது போல, நிஜப் பங்கை நினைத்த நேரத்தில் விற்றுவிட முடியாது. டிராக்கிங் எரர் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆக்டிவ் ஃபண்டில் கதை தலைகீழ்

இண்டெக்ஸ் ஃபண்டில் டிராக்கிங் எரர் குறைவாக இருப்பது நல்லது. ஆக்டிவ் ஃபண்டில் அது ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். குறியீட்டில் இருந்து விலகுவதற்குத்தானே மேனேஜருக்குக் கட்டணம் தருகிறோம்?

ஒரு லார்ஜ் கேப் ஃபண்டின் டிராக்கிங் எரர் 1% எனக் கொள்வோம். இண்டெக்ஸ் ஃபண்டைவிட அதன் செலவு 1.5% அதிகம். டிராக்கிங் எரர் 1% என்றால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு வருஷங்களில் அதன் விலகல் ஒரு சதவிகிதத்துக்கு மேலேயோ கீழேயோ போகாது. ஆனால், கூடுதல் செலவை ஈடுகட்டவே 1.5% அதிகம் சம்பாதிக்க வேண்டும்! திறமையை விட்டுவிட்டு அதிர்ஷ்டத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், அது சுமார் 15 வருஷத்தில் ஒருமுறைதான் நடக்கும். பெயர் ஆக்டிவ், செய்வது குறியீட்டின் நகல், கட்டணம் மட்டும் நிஜம்.

டிராக்கிங் எரர் 5% ஆக இருந்தால்? அதே 1.5 சதவிகிதத்தைத் தாண்டும் வாய்ப்பு 10 வருஷத்தில் கிட்டத்தட்ட 4 முறை. ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். குறியீட்டைவிட 5% குறைவாகத் தரும் வருஷங்களும் வரும். அதிக டிராக்கிங் எரர் மேனேஜர் துணிந்து விலகுகிறார் என்று மட்டுமே சொல்கிறது, விலகியது சரியா என்று சொல்வதில்லை.

நீங்களே கணக்குப் போடலாம்

ஆக்டிவ் ஃபண்டின் டிராக்கிங் எரர் கண்ணில் படவில்லை என்றால் எக்ஸெல் போதும். ஃபண்டின் 36 மாத லாப சதவிகிதத்தை முதல் நெடுவரிசையிலும், குறியீட்டின் லாபத்தை இரண்டாவதிலும், வித்தியாசத்தை மூன்றாவதிலும் போடுங்கள். பிறகு இந்த ஃபார்முலா:

```
=STDEV.S(C2:C37)*SQRT(12)
```

ஒரு எச்சரிக்கை: குறியீட்டுக்கு எடுக்க வேண்டியது டிவிடெண்டையும் சேர்த்த ‘டோட்டல் ரிட்டர்ன்’ எண். செய்திகளில் வரும் நிஃப்டி புள்ளிகளில் டிவிடெண்ட் சேராது. அதோடு ஒப்பிட்டால் சுமாரான ஃபண்ட்கூடக் குறியீட்டை ஜெயித்தது போலத் தெரியும்.

கோவை இளைஞர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளின் 3 வருஷ, 5 வருஷ டிராக்கிங் டிஃபரன்ஸை முதலில் பார்த்து, இழப்பு குறைவாக உள்ள இரண்டு, மூன்றை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவற்றுக்குள் எது சீராக ஓடுகிறது என்று பார்க்க, கடைசியில் டிராக்கிங் எரர். அவர் அந்தக் கடைசி வேலையை மட்டும் முதலில் செய்துவிட்டார்.