தென்ச்சோவுக்கு ஆறு வரி

தோக்கியோவின் புறநகரில் ஒரு சிறிய அறை. மதியம் 2 மணி. உடல்வெப்பமானி 38.5 காட்டுகிறது. மாலை 5 மணிக்கு உணவகத்தில் வேலை தொடங்கும். படுத்திருக்கும் மாணவனைக் குமார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பகலில் மொழிப் பள்ளி, மாலையில் வாரம் நான்கு நாள் பகுதிநேர வேலை. கைபேசியை எடுத்து, கடை மேலாளருக்கு லைன் செயலியில் தட்டுகிறான்: "கியோ யசுமிமஸ். நெத்ஸு தெஸ்." இன்று லீவு, காய்ச்சல். அவ்வளவுதான்.

இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு செய்தியோடு, அதுவரை நல்லபடியாக வேலை செய்தவர் மீது மேலாளருக்கு இருந்த நம்பிக்கை சரியத் தொடங்குகிறது. மொழி தெரியாததால் வரும் சரிவு அல்ல இது. அந்தச் செய்தி மேலாளருக்கு எதற்குப் பயன்படும் என்று யோசிக்காமல் எழுதியதால் வருவது.

பகுதிநேர வேலையை ஜப்பானில் 'அருபைதோ' என்கிறார்கள். வேலை என்று பொருள்படும் 'ஆர்பைட்' என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பேச்சில் சுருக்கி 'பைதோ'. கடை மேலாளர் 'தென்ச்சோ'. எந்த நாள் யார் எத்தனை மணிக்கு வருவார் என்ற அட்டவணை 'ஷிஃப்தோ'. இந்த அட்டவணையைப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அதுவும் ஆள் மிச்சமில்லாமல் போடுவார்கள். மாலை நேரத்துக்கு சமையலறையில் இரண்டு பேர், பரிமாற இரண்டு பேர் என்றால் நாலே பேர்தான் இருப்பார்கள். அதில் ஒருவர் வரவில்லை என்றால் மீதி மூன்று பேர் நான்கு பேர் வேலையைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாற்று ஆள் கிடைக்க வேண்டும்.

மாற்று ஆள் என்பது நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டவர், அனுமதி பெற்றபின், பள்ளி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். நீண்ட விடுமுறைக் காலத்தில்தான் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. அந்த வாரம் ஏற்கெனவே 25 மணி நேரம் செய்துவிட்ட நண்பனிடம் "என் ஐந்து மணி நேரத்தையும் நீயே பார்த்துக்கொள்" என்று சொல்ல முடியாது. சொன்னால் அவன் விசாவுக்கே ஆபத்து. அதனால் தென்ச்சோ ஒவ்வொருவரின் மணிக்கணக்கையும் பார்த்துத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அதற்கு அவருக்கு வேண்டியது நேரம். குமாரின் செய்தி மதியம் 2 மணிக்கே போய்ச் சேர்வதும் 4.30-க்குப் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல.

இப்போது அதே குமார், சக ஊழியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி எழுதும் செய்தியைப் பார்ப்போம்.

"ஒத்ஸுகரெசமா தெஸ். குமாரு தெஸ்.
க்யூ நா கொரென்ராகு தெ மோஷிவகெ அரிமசென்.
கெஸா காரா 38.5 தோ நோ நெத்ஸு கா அரிமஸ்.
ஹொன்ஜித்ஸு 17 ஜி காரா நோ ஷிஃப்தோ ஒ யசுமசெதெ இதாதகெனாய் தெஷோ கா.
கொரெ காரா ப்யோயின் நி இக்கி, கெக்கா கா வகாரி ஷிதாய் கொரென்ராகு இதாஷிமஸ்.
கொமெய்வாகு ஒ ஒகாகெ ஷிதெ மோஷிவகெ அரிமசென் கா, யொரொஷிகு ஒனெகாய் இதாஷிமஸ்."

ஆறு வரி. கைபேசித் திரையில் விரலால் நகர்த்தாமலே படித்துவிடலாம். முதல் வரியின் 'ஒத்ஸுகரெசமா' என்பதில் களைப்பு என்ற சொல் இருக்கிறது. "நீங்களும் உழைத்துக் களைத்திருப்பீர்கள்" என்று, ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வணக்கம் அது. இதே பொருளுள்ள 'கொகுரோசமா' என்று இன்னொரு சொல் உண்டு. அதை மேலாளர் ஊழியரிடம் சொல்லலாம், ஊழியர் மேலாளரிடம் சொல்லக் கூடாது. அடுத்து பெயர். செயலியில்தான் பெயர் தெரியுமே என்று தோன்றும். ஆனால் பலர் அதில் செல்லப்பெயரோ பூனைப் படமோ வைத்திருப்பார்கள். முப்பது ஊழியர்களை வைத்திருக்கும் ஒருவருக்கு அது யார் என்று தெரியாது.

"திடீரென்று தொடர்பு கொள்வதற்கு மன்னிக்கவும்" என்ற இரண்டாம் வரியைத் தாண்டினால் வருகிறது 38.5. இந்த எண்தான் செய்தியின் உயிர். ஜப்பானியர்கள் 'தாய்ச்சோ ஃபுர்யோ' என்று ஒரு சொல்லை நிறையப் பயன்படுத்துவார்கள். உடல்நிலை சரியில்லை என்று பொருள். தலைவலியும் அதுதான், முந்தின இரவு கண்விழித்த சோர்வும் அதுதான். படிப்பவருக்கு அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எண் இருந்தால் முடிவு செய்யலாம். அங்கே தொற்றுநோய்ச் சட்டத்தின் கணக்கில் 37.5-ஐத் தொட்டால் காய்ச்சல், 38-ஐத் தொட்டால் கடுங்காய்ச்சல்.

உணவகமாக இருந்தால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: வயிற்றுப்போக்கும் வாந்தியும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று வெறும் காய்ச்சல் என எழுதுகிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் நோரோவைரஸ் பரவும் நாடு அது. பெரிய சமையற்கூடங்களுக்கான அரசின் சுகாதாரக் கையேடு, இந்த அறிகுறிகள் உள்ளவரை உணவைத் தொடும் வேலையில் விடக்கூடாது என்கிறது. 'கெரி' (வயிற்றுப்போக்கு), 'ஓதோ' (வாந்தி) என்ற இரண்டு சொற்களில் ஒன்று செய்தியில் இருந்தால், விவரமுள்ள தென்ச்சோ "முடிந்தால் வா" என்று சொல்ல மாட்டார். "வராதே" என்பார்.

நான்காம் வரி, தமிழர்களுக்கு மிகச் சுலபமாகப் புரியக்கூடியது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வரும், ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வினையோடு சேரும். 'யசுமு' என்றால் ஓய்வெடுப்பது. 'யசுமசெ' என்றால் ஓய்வெடுக்க விடுவது. 'இதாதகு' என்பது பெரியவரிடமிருந்து பணிவோடு பெறுவது. 'இதாதகெ' என்றால் பெற முடிவது. 'நாய்' எதிர்மறை. 'தெஷோ கா' என்பது 'இருக்குமோ' என்ற தயக்கமான கேள்வி. எல்லாம் சேர்ந்து, "நான் ஓய்வெடுக்க நீங்கள் விடுவதை நான் பெற முடியாதோ?" நம் மொழியில் "லீவு தர முடியாதா?" என்று கேட்டால் சற்றே சண்டைக் குரல் கேட்கும். அங்கே அந்த எதிர்மறைதான் பணிவு. 'முடியாது' என்று சொல்லும் வாய்ப்பை எதிராளிக்கு முதலிலேயே திறந்துவைத்துவிடுகிறது.

இதற்கு மிக அருகில் ஒரு வடிவம் உண்டு: 'யசுமசெதெ இதாதகிமஸ்'. கேட்பதற்கு அதுவும் பணிவாகத்தான் இருக்கும், ஆனால் அது கேள்வியல்ல. "லீவு எடுத்துக்கொள்கிறேன்" என்ற அறிவிப்பு. தென்ச்சோ ஏற்கெனவே சம்மதித்தபின் அது பொருத்தம். முதல் செய்தியிலேயே எழுதினால், முடிவை நீயே எடுத்துவிட்டாயா என்று அவருக்குத் தோன்றும். பாடப்புத்தகத்தில் பணிவுச் சொல்லாகப் படித்துவிட்டு வரும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

"மருத்துவமனைக்குப் போகிறேன், முடிவு தெரிந்ததும் சொல்கிறேன்" என்ற ஐந்தாம் வரி நாளைய அட்டவணைக்காக. இன்ஃபுளூயன்சா என்று தெரிந்தால் ஒரு நாளில் முடியாது. பள்ளி மாணவர்களுக்கு அறிகுறி தொடங்கிய பின் ஐந்து நாளும் காய்ச்சல் விட்ட பின் இரண்டு நாளும் கழிந்தால்தான் திரும்ப அனுமதி. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், பல கடைகள் அதே கணக்கைத்தான் பின்பற்றுகின்றன.

செய்தி அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. லைனில் எதிராளி பார்த்ததும் 'கிதோகு' என்ற குறி விழும். மதிய உணவு நேரத்தில் தென்ச்சோ அடுப்படியில் நிற்பார், கைபேசி அலமாரியில் கிடக்கும். அரை மணி நேரமாகியும் குறி விழாவிட்டால் கடைக்கே தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அன்றைக்கே லீவு என்றால் தொலைபேசியில் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கடைகளும் நிறைய. வேலையில் சேரும் நாளிலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்றும் சொல்லாமல் வராமலிருப்பது 'முதான் கெக்கின்'. எவ்வளவு அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னாலும் அதைவிட மேல்.

தென்ச்சோவின் பதில் பெரும்பாலும் இரண்டே சொல்: "ர்யோகாய் தெஸ். ஒதாய்ஜி நி." சரி, உடம்பைப் பார்த்துக்கொள். அதற்கு ஒரு நன்றி போதும். படம் ஒட்டி அனுப்ப வேண்டாம்.

சில நேரம் வேறொரு பதில் வரும்: "மாற்று ஆளை நீயே பார்." குழுவில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்ல மனம். ஆனால் அது ஊழியரின் கடமை அல்ல, ஆள் ஏற்பாடு செய்வது கடை நடத்துபவரின் வேலை. 2017-இன் தொடக்கத்தில் இது ஜப்பான் முழுவதும் செய்தியானது. தோக்கியோவின் முசாஷினோ நகரில், பெரிய கடைத்தொடர் ஒன்றின் கிளையில் வேலை செய்த பள்ளி மாணவி சளிக்காய்ச்சலால் இரண்டு நாள், மொத்தம் 10 மணி நேரம், வரவில்லை. மாற்று ஆள் தேடித் தரவில்லை என்று சொல்லி அவர் சம்பளத்தில் 9,350 யென் அபராதம் பிடித்தார்கள். வராத 10 மணி நேரத்துக்குச் சம்பளம் தராதது வேறு. இது செய்த வேலைக்கான சம்பளத்திலிருந்து பிடித்தது. செய்தி வெளியானதும் அது சட்டமீறல் என்று தலைமை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வராவிட்டால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவதைத் தடுக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையாகச் சம்பளத்தைக் குறைத்தாலும், ஒரு முறைக்கு ஒரு நாள் சராசரிச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது 91-ஆம் பிரிவு.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நோய்க்கென்று தனியாகச் சம்பளத்துடன் கூடிய லீவைச் சட்டம் தரவில்லை. ஆனால் ஆண்டு விடுப்பு பகுதிநேர ஊழியருக்கும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்து, 80 சதவீத நாள்களுக்குக் குறையாமல் வந்திருந்தால், வாரம் மூன்று நாள் வருபவருக்கு 5 நாள், நான்கு நாள் வருபவருக்கு 7 நாள் சம்பளத்துடன் கிடைக்கும். விசா எதுவானாலும் இது பொருந்தும். அன்றைக்கே சொல்லி அதை நோய் லீவாக மாற்றிக்கொள்வது கடையின் சம்மதத்தைப் பொறுத்தது, இருந்தாலும் சம்மதிக்கும் கடைகள் உண்டு. எட்டு மாதம் ஆன குமாருக்கு இப்போது அந்த ஏழு நாள் இருக்கிறது. ஜப்பானில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிவையுங்கள்: உடம்பு தேறியபின் தென்ச்சோவிடம் கேட்க வேண்டிய சொல் 'யூக்யூ'. மறுத்தால் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆலோசனைத் தொலைபேசியில் ஆங்கிலத்திலேயே பேசலாம்.